பணம் கட்டும் பக்கம் ஏன் நின்றது?

இணையக் கடையில் பணம் கட்டப் போகும்போது, இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று உலாவி தடுக்கிறது. பல நேரம் காரணம் திருட்டல்ல. தளத்தின் அடையாளத்துக்குச் சாட்சி சொல்லும் சான்றிதழ் காலாவதியாகியிருக்கும். லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசச் சான்றிதழின் வழக்கமான ஆயுள் 90 நாள். தானாகப் புதுப்பிக்கும் நிரல் சத்தமில்லாமல் நின்றுபோனால் கெடு முடிந்துவிடும்.

பிறகு அனுப்பும் மன்னிப்பு மின்னஞ்சலில் “தொழில்நுட்பக் கோளாறு” என்று மழுப்பினால், கார்டு எண் களவுபோனதாகவே வாடிக்கையாளர் பயப்படுவார். “காலை 6 முதல் 9 வரை, சான்றிதழைப் புதுப்பிக்கத் தவறியதால் பணம் கட்ட முடியவில்லை. பணம் பிடிக்கப்பட்டு ஆர்டர் பதிவாகாதவர்களுக்குத் திருப்பித் தருகிறோம்” என்று எழுதலாம். விவரம் எதுவும் கசியவில்லை என்பதை மட்டும் சர்வர் பதிவுகளைப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போனவர்களும் இருப்பார்கள். மின்னஞ்சலில் பணம் கட்டும் இணைப்பு வேண்டவே வேண்டாம். மோசடிக்காரர்களும் இதே பாணியில்தான் எழுதுகிறார்கள்.