அரக்கு முத்திரையிலிருந்து டிஜிட்டல் கையொப்பம் வரை: டெண்டரின் கவரிங் லெட்டர்

தொண்ணூறுகளில் பொதுப்பணித் துறையின் கோட்ட அலுவலகத்துக்கு டெண்டர் போடப் போனவர்களுக்கு அந்தப் பெட்டி மறந்திருக்காது. வராந்தாவில் பூட்டி வைத்த தகரப்பெட்டி, மேலே உறை நுழையும் அளவுக்கு ஒரு பிளவு. பிற்பகல் 3 மணிக்குப் பெட்டியை மூடி, அரைமணி கழித்துத் திறப்பார்கள். காசு கட்டி வாங்கிய டெண்டர் படிவம், முன்வைப்புத் தொகைக்கான டிமாண்ட் டிராஃப்ட், பதிவுச் சான்றின் நகல் எல்லாம் உறைக்குள் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே நிறுவனத்தின் லெட்டர் பேடில் டைப் அடித்த கவரிங் லெட்டர். உறையின் வாயில் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை வைப்பார்கள்.

கடிதத்தின் உருவம் எல்லோருக்கும் ஒன்றுதான். பெறுநர் செயற்பொறியாளர்; பொருள், பார்வை; பிறகு “பல ஆண்டுகளாகத் தங்கள் துறையில் திருப்திகரமாகப் பணி செய்து வருகிறோம்” என்று ஒரு வரி. ஆனால் விவரம் தெரிந்தவர்கள் கடைசிப் பத்தியைத்தான் முதலில் படிப்பார்கள். “மேற்படி பணி முழுவதும் எங்களுக்கே வழங்கப்பட்டால், மொத்தத் தொகையில் 2 சதவீதம் தள்ளுபடி தருகிறோம்” என்ற வரி அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

அந்த ஒரு வரி என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் படிவத்தில் 98 லட்சம் எழுதியிருக்கிறார், இன்னொருவர் 99 லட்சம். படிவத்தை மட்டும் பார்த்தால் முதலாமவர்தான் குறைந்த விலைக்காரர். இரண்டாமவரின் கடிதத்தில் உள்ள தள்ளுபடியைக் கழித்தால் 97.02 லட்சம் ஆகிறது. வேலை கை மாறிவிடும். “சிமெண்டும் கம்பியும் துறையே வழங்கினால்தான் இந்த விலை” என்று நிபந்தனை போட்டவர்களும் உண்டு. அப்படி எழுதினால் அவர் விலையை மற்றவர் விலையோடு எப்படி ஒப்பிடுவது? அந்த நாளில் கவரிங் லெட்டர், மரியாதைக் கடிதம் என்ற பெயரில் நடந்த பேரம்.

பேரம் இருக்கும் இடத்தில் தில்லுமுல்லும் வரும். உறை பிரித்த பிறகு தள்ளுபடிக் கடிதம் ஒன்றைச் சொருகிவிட்டால் யார் கண்டுபிடிப்பது? அதனால்தான் திறக்கும் அதிகாரி ஒவ்வொரு தாளிலும் சுருக்கொப்பம் இட்டு, அடித்தல் திருத்தல்களை எண்ணிக் குறித்து, விலையோடு தள்ளுபடி, நிபந்தனைகளையும் வந்திருப்பவர்கள் முன் வாசிப்பது முறையாயிற்று. 1998-ல் தமிழ்நாட்டில் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்தது, 2000-ல் அதன் விதிகள் வந்தன. முன்கூட்டியே அறிவித்த அளவுகோலால்தான் மதிப்பிட வேண்டும் என்பது சட்டமானது. கடிதத்தின் பேரச் சக்தி அப்போதிருந்தே இறங்குமுகம்.

இன்று அந்தப் பெட்டி tntenders.gov.in என்ற இணையதளம். படிவத்தின் விலைப்பகுதி எக்செல் கோப்பாக வருகிறது. அதில் நிரப்ப வேண்டிய கட்டங்களைத் தவிர மற்றவை பூட்டப்பட்டிருக்கும், கோப்பின் பெயரைக்கூட மாற்றக்கூடாது. கவரிங் லெட்டர், சான்றுகளோடு ஸ்கேன் செய்யப்பட்டு தொழில்நுட்ப உறைக்குள் போகிறது. அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான்: தொழில்நுட்ப உறையை முதலில் திறப்பார்கள், அதில் தேறியவரின் விலை உறையை மட்டுமே பிறகு திறப்பார்கள். பழைய பழக்கத்தில் யாராவது கடிதத்தில் “எங்கள் விலையில் 2 சதவீதம் தள்ளுபடி” என்று எழுதினால், விலை பற்றிய தகவல் வெளியே வந்துவிட்டது என்று டெண்டரே தள்ளுபடியாகலாம். அன்று வேலையை வாங்கித் தந்த அதே வரி, இன்று வேலையைக் கெடுக்கும்.

அப்படியானால் இன்றைய கடிதத்தில் என்னதான் எழுதுவது? மூன்றே விஷயம்: நிபந்தனைகளுக்கு உடன்பாடு, அனுபவம், தொடர்புக்கு உரியவர்.

உடன்பாட்டை ஒரே வாக்கியத்தில் முடிக்க வேண்டும். டெண்டர் ஆவணத்தையும் அதற்கு வெளியான திருத்தங்களையும் படித்தோம், எல்லா நிபந்தனைகளையும் எந்த விலக்கும் இன்றி ஏற்கிறோம் என்று சொன்னால் போதும். “இருப்பினும்” என்று தொடங்கும் அடுத்த வாக்கியம் வந்தால், டெண்டர் நிபந்தனையுடன் கூடியதாகிவிடும். சந்தேகம் இருந்தால் அதைக் கேட்கும் இடம் டெண்டருக்கு முந்தைய விளக்கக் கூட்டம். கடிதத்தில் கேட்டால் காலம் கடந்த கேள்வி.

அனுபவத்துக்கு ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். மத்திய பொதுப்பணித் துறையின் டெண்டர்களில் பரவலாக வரும் நிபந்தனை இது: கடந்த 7 ஆண்டுகளில் மதிப்பீட்டுத் தொகையில் 40 சதவீதத்துக்குக் குறையாத ஒத்த பணிகள் மூன்று, அல்லது 60 சதவீதத்தில் இரண்டு, அல்லது 80 சதவீதத்தில் ஒன்று முடித்திருக்க வேண்டும். இப்போது 2 கோடி ரூபாய் மதிப்புள்ள கட்டடப் பணி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பணியைக் காட்டுவதென்றால் அதன் மதிப்பு 1.60 கோடி வேண்டும். கையில் இருப்பதோ சரியாக 3 ஆண்டுக்கு முன் முடித்த 1.40 கோடிப் பணி. பார்த்தவுடன் தகுதியில்லை என்றுதான் தோன்றும். ஆனால் முடித்த நாளிலிருந்து டெண்டரின் கடைசி நாள் வரை ஆண்டுக்கு 7 சதவீதம் சாதாரண வீதத்தில் மதிப்பைக் கூட்டிக்கொள்ள ஆவணம் அனுமதித்திருந்தால், 21 சதவீதம் சேர்ந்து 1.694 கோடி ஆகிறது. தகுதி கிடைத்துவிட்டது.

இந்தக் கணக்கைக் கடிதத்திலேயே போட்டுக் காட்டுங்கள். பணியின் பெயர், முடித்த தேதி, முடித்த மதிப்பு, கூட்டிய மதிப்பு, பணி நிறைவுச் சான்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஐந்து தகவல். தனியார் பணியாக இருந்தால் வரிப் பிடித்தச் சான்றும் கேட்பார்கள், அதன் பக்க எண்ணையும் சேர்க்கவேண்டும். “பல ஆண்டு அனுபவம்” என்ற பழைய வரிக்கு இன்று மதிப்பெண் இல்லை. அதே சமயம், சான்று இல்லாத பணியைக் கடிதம் எவ்வளவு அழகாகச் சொன்னாலும் மதிப்பீட்டுக் குழு அதை எடுத்துக்கொள்ளாது. கடிதம் சான்றுக்கு வழிகாட்டும், சான்றாகாது.

மூன்றாவது, தொடர்பு. அன்று கடிதத்தில் அலுவலக முகவரி இருந்தால் தபாலில் கேள்வி வரும், ஆள் அனுப்பிக்கூடக் கூப்பிடுவார்கள். இன்று விடுபட்ட ஆவணம் கேட்பதானால் இணையதளத்திலேயே கேட்பார்கள், பதிவு செய்த மின்னஞ்சலுக்கு அறிவிப்பு வரும், பதிலுக்குக் கெடுவும் இருக்கும். கடிதத்தில் எழுதியிருப்பது மேலாளரின் மின்னஞ்சல், இணையதளத்தில் பதிந்திருப்பதோ பில் போடும் பையன் எப்போதோ திறந்த முகவரி என்றால், கேள்வி வந்ததே தெரியாமல் கெடு முடிந்துவிடும். இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும். கையொப்பமிட அதிகாரக் கடிதம் பெற்றவரும் டிஜிட்டல் கையொப்பத்துக்கு உரியவரும் ஒரே ஆளாக இருக்கவேண்டும்.

அன்றைய கடிதத்துக்குச் சாமர்த்தியம் தேவைப்பட்டது. இன்றைய கடிதத்துக்குத் தேவை ஒழுங்கு. போன டெண்டருக்குப் போட்ட கடிதத்தில் பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றி அனுப்பும் பழக்கம் இருந்தால், அதை இப்போதே விட்டுவிடுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போகாத கடிதத்தை ஒவ்வொரு டெண்டருக்கும் புதிதாக எழுதுங்கள். அனுப்பும் முன், அதில் குறிப்பிட்ட ஒவ்வொரு பக்க எண்ணையும் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.