165/80 R14: டயரின் உயரத்தைக் கணக்கிடுவது எப்படி?

பழைய டயர் வாங்குபவரின் வாட்ஸ்அப்புக்குக் கடைக்காரர் ஒரு படம் அனுப்புகிறார். டயரின் பக்கச்சுவரில் கறுப்பின் மேல் கறுப்பாக 165/80 R14 85T என்று தெரிகிறது. இது தன் காருக்குப் பொருந்துமா என்பதை அவர் வீட்டிலிருந்தே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

பலரும் தடுமாறுவது அளவுகளில்தான். 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 மில்லிமீட்டர் அல்ல, சதவீதம்: பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 80 சதவீதம். 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். R, டயர் ரேடியல் வகை என்பதைச் சொல்கிறது. 85T எடையையும் வேகத்தையும் குறிப்பது. விட்டத்துக்கு அது தேவையில்லை.

165-இல் 80 சதவீதம் 132 மி.மீ. ரிம்முக்கு மேலும் கீழும் பக்கச்சுவர் இருப்பதால் அதை இரட்டித்தால் 264. ஓர் அங்குலம் 25.4 மி.மீ.; எனவே 14 அங்குல ரிம் 355.6 மி.மீ. இரண்டையும் கூட்டினால் 619.6 மி.மீ. கிட்டத்தட்ட 62 செ.மீ. விட்டமுள்ள டயர் இது.

2017-இல் வந்த மாருதி டிசையரின் குறைந்த விலை மாடலில் இருந்தது இதே அளவுதான். அதன் உயர் மாடலில் 185/65 R15. ரிம் ஓர் அங்குலம் பெரிது. ஆனால் கணக்குப் போட்டால் விட்டம் 621.5 மி.மீ. வித்தியாசம் 2 மி.மீ.கூட இல்லை. ரிம் பெரிதான அளவுக்குப் பக்கச்சுவரைக் குறைத்திருக்கிறார்கள்.

அகலமாக இருக்கட்டுமே என்று அதே 14 அங்குல ரிம்மில் 185/65 R14 மாட்டினால் கதை வேறு. விட்டம் 596.1 மி.மீ. ஆகிவிடும், அதாவது 3.8 சதவீதம் குறைவு. 165/80-இல் சரியாக 100 காட்டிய ஸ்பீடோமீட்டர், இப்போது 100 காட்டும்போது கார் 96 கி.மீ. வேகத்தில்தான் ஓடும்.

படத்தைத் தப்பாக வாசித்தாலும் இதே வம்புதான். நேராக ஃபிளாஷ் அடித்து எடுத்த படத்தில் 80, 60 போலத் தெரியலாம். அந்த ஓர் இலக்கத்தால் விட்டம் 66 மி.மீ. குறைந்துவிடும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்தின் நிழல் விழுந்து இலக்கம் தெளிவாகும். படத்தில் ரிம்மை அளந்து சரிபார்ப்பதும் உதவாது. 14 அங்குலம் என்பது டயர் உட்காரும் இடத்தின் அளவு. கண்ணுக்குத் தெரியும் ரிம் விளிம்பு அதைவிட ஓர் அங்குலத்துக்கு மேல் பெரிது.

இந்தக் கணக்கு தருவது புது டயரின் பெயரளவு விட்டம். பட்டன் 6 மி.மீ. தேய்ந்தால் விட்டத்தில் 12 மி.மீ. போய்விடும். காரின் எடையில் டயர் அமுங்குவதால் ஒரு சுற்றில் ஓடும் தூரமும் சற்றுக் குறையும். துல்லியம் வேண்டுபவர்கள் காற்றைச் சரியாக நிரப்பி, டயரிலும் தரையிலும் சாக்பீஸ் கோடு போட்டு, காரை ஒரு முழுச் சுற்று தள்ளி, அந்தத் தூரத்தை டேப்பால் அளந்துகொள்ளுங்கள்.