துவைத்ததும் தையல் ஏன் இழுத்துக்கொள்கிறது?

தைத்து வந்த அன்று சட்டையின் முன்பட்டை நேராக இருக்கும். ஒரு முறை துவைத்துக் காய வைத்தால், பட்டன் வரிசை நெடுக அதே பட்டை குட்டிக் குட்டியாக நெளிந்து நிற்கும். இஸ்திரி போட்டால் ஒரு மணி நேரத்துக்குச் சரியாகத் தெரியும், அடுத்த துவைப்பில் மறுபடியும் நெளியும். வீட்டில் உடனே கிளம்பும் தீர்ப்பு, "துணி மட்டம்" அல்லது "டெய்லர் கெடுத்துட்டார்". பெரும்பாலான நேரம் இரண்டுமே இல்லை. நூலும் துணியும் ஒரே அளவில் சுருங்கவில்லை என்பதுதான் விஷயம்.

இங்கே ஒரு பேச்சு வழக்கம் உண்டு: பருத்தித் துணிக்குப் பருத்தி நூல், அப்போதுதான் இரண்டும் ஒன்றாகச் சுருங்கும் என்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தையலுக்கு வேண்டியது அந்த ஒற்றுமை இல்லை. துணியைவிட நூல் அதிகமாகச் சுருங்கக்கூடாது, அவ்வளவுதான். நூல் குறைவாகச் சுருங்கினால் பெரிய நஷ்டமில்லை. அதிகமாகச் சுருங்கினால், பாவாடையில் நாடாவை இழுத்து முடிந்ததுபோல் துணி முழுவதும் அந்தக் கோட்டில் கூடிக்கொள்ளும்.

பருத்தி தண்ணீரில் ஏன் சுருங்குகிறது என்பதைப் பார்த்தால் இது விளங்கும். பருத்தி இழை தண்ணீரைக் குடித்துப் பருமனாகிறது. நீளம் பெரிதாகக் கூடுவதில்லை. தையல் நூல் என்பது இரண்டு மூன்று புரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக முறுக்கியது. புரி பருத்தால், அதே முறுக்கைச் சுற்றி வர ஒவ்வொரு புரிக்கும் கூடுதல் நீளம் வேண்டும். அந்த நீளத்தைத் தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்வதால் நூல் மொத்தத்தில் குறுகுகிறது. துணியிலும் இதே கதைதான். பாவு இழையும் ஊடை இழையும் ஒன்றையொன்று வளைந்து தாண்டிப் போகின்றன. தாண்ட வேண்டிய இழை பருத்துவிட்டால், வளைவு கூடி நீளம் குறைகிறது. தறியில் இழுத்துப் பிடித்து நெய்த பாவு, முதல் துவைப்பில் அந்த இழுவையையும் விட்டுவிடும். அதனால் பெரும்பாலான பருத்தித் துணிகள் அகலத்தைவிட நீளவாக்கில் அதிகம் சுருங்குகின்றன. பாலியஸ்டருக்குத் தண்ணீர் ஒட்டாது. சாதாரணத் துவைப்பில் அது அசைவதே அபூர்வம்.

ஒரு பள்ளிச் சீருடைச் சட்டையை எடுத்துக்கொள்வோம். துணி பாலியஸ்டர் கூடுதலாகக் கலந்த டெரிகாட்டன். துவைத்தால் ஒரு சதவீதம்கூடச் சுருங்காது என்று வைப்போம். முன்பட்டை 60 சென்டிமீட்டர். தைத்தது சாதாரணப் பருத்தி நூலில், அது நனைந்தால் மூன்று சதவீதம் சுருங்கும். தையல் மிஷினில் மேல் நூல் நேராக ஓடுவதில்லை; ஒவ்வொரு தையலிலும் துணிக்குள் இறங்கி, அடிநூலைக் கோத்துக்கொண்டு மேலே வருகிறது. 60 சென்டிமீட்டர் பட்டைக்கு ஏறக்குறைய 75 சென்டிமீட்டர் மேல் நூல் உள்ளே போயிருக்கும். அதில் மூன்று சதவீதம் என்றால் இரண்டே கால் சென்டிமீட்டர். அடிநூலும் அதே நூல் என்றால் அதுவும் தன் பங்குக்கு அவ்வளவு இழுக்கும். 60 சென்டிமீட்டர் துணி, ஏறக்குறைய 58 சென்டிமீட்டர் இடத்தில் அடங்க வேண்டியதாகிறது. மிச்சத் துணிக்குப் போக்கிடம் கிடையாது. அதுதான் நெளிவாக எழும்பி நிற்கிறது. இஸ்திரிப் பெட்டி துணியைத்தான் தட்டையாக்கும். குறுகிய நூலை நீட்டாது. நெளிவு திரும்பத் திரும்ப வருவது அதனால்தான்.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். நான்கு சதவீதம் சுருங்கும் பருத்தி பாப்ளினை, ஒரு சதவீதம்கூடச் சுருங்காத பாலியஸ்டர் நூலில் தைக்கிறோம். துணி உள்ளே வருகிறது, நூல் அப்படியே இருக்கிறது. தையலில் நூல் கொஞ்சம் தளரும், நெளிவு வராது. இன்றைக்குப் பருத்திச் சட்டை, சுடிதார் எல்லாம் பாலியஸ்டர் நூலில் தைக்கப்பட்டும் ஒழுங்காக இருப்பது இதனால்தான். இதற்கும் எல்லை உண்டு. கஞ்சி போட்ட கைத்தறித் துணி, ஒருமுறையும் நனைக்காத கதர் போன்றவை இதைவிட நிறையச் சுருங்கும். அப்போது நூல் தளர்ந்து, இழுத்துப் பிடித்தால் இரண்டு துண்டுக்கும் நடுவே பல் தெரியும். அதற்கு மருந்து நூலில் இல்லை. வெட்டுவதற்கு முன்னாலேயே துணியை நனைத்துக் காய வைக்க வேண்டும்.

டெரிலின் வந்த காலத்தில் இந்தத் தொல்லை உலகம் முழுக்கப் பெரிதாகத் தெரிய வந்தது. 1941-ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இருவர் கண்டுபிடித்த இழை அது. சட்டை சுருங்கவே சுருங்காது, இஸ்திரியே வேண்டாம் என்று விற்றார்கள். துணி சொன்னபடி நின்றது; அதைத் தைத்த பருத்தி நூல் நிற்கவில்லை. தையல் மட்டும் நெளிந்து காட்டிக்கொடுத்தது. பிறகுதான் ஆயத்த ஆடைத் தொழில் பாலியஸ்டர் நூலுக்கு மாறியது. துவைத்த தையலின் நெளிவுக்குப் புகைப்படங்களோடு ஒப்பிட்டு 5 முதல் 1 வரை மதிப்பெண் போடும் முறைகூட வந்துவிட்டது. 5 என்றால் சமதளம், 1 என்றால் போட்டுக்கொள்ள முடியாத நெளிவு.

பாலியஸ்டர் நூல் போட்டுவிட்டால் கவலை தீர்ந்தது என்று நினைக்கவும் வேண்டாம். அதற்கு வேறொரு குணம் இருக்கிறது: இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும். மிஷினில் டென்ஷன் இறுக்கமாக இருந்தால் நூல் நீண்ட நிலையிலேயே தைக்கப்படுகிறது. தைத்து முடித்தபோது ஒன்றும் தெரியாது. ஓரிரு நாளிலோ, முதல் வெந்நீர்த் துவைப்பிலோ நூல் தன் பழைய நீளத்துக்குத் திரும்பித் துணியை இழுக்கும். நூல் சுருங்கியதுபோல் தெரிந்தாலும் இது உண்மையில் சுருக்கம் இல்லை. பாபினில் இதைக் கவனிக்காமல் விடுவார்கள். அவசரத்தில் வேகமாக, விறைப்பாகச் சுற்றிய பாபினில் நூல் முழுவதும் இழுபட்டே இருக்கும். எனவே நிதானமான வேகத்தில் சுற்ற வேண்டும். நூலைப் பிடித்து பாபின் கேஸைத் தொங்கவிட்டால் அது தானாக இறங்கக்கூடாது. லேசாக ஒரு சுண்டு சுண்டினால் இரண்டு விரல்கடை இறங்கி நிற்க வேண்டும். அதற்குத் தக்கபடி மேல் டென்ஷனைத் தளர்த்திக்கொள்ளலாம். மெல்லிய துணியில் தையல் கோத்து நிற்கும் அளவு இறுக்கம் போதும்.

சரி, கடையில் வாங்கிய நூல்கண்டு என்ன ரகம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு சாண் நூலை இடுக்கியால் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, நுனியில் கெட்டியான மணியாக நிற்கும். ஆறிய பிறகு தொடுங்கள், உருகியது கையில் ஒட்டினால் கொப்புளம்தான். நடுவே பாலியஸ்டரும் மேலே பருத்தியும் சுற்றிய நூலும் கிடைக்கிறது. அது எரியவும் செய்யும், மணியும் விடும். துவைப்பில் அது பாலியஸ்டரைப்போல் நடந்துகொள்ளும்.

சுருக்கத்தை அளப்பதும் வீட்டிலேயே முடிகிற காரியம்தான். கண்டிலிருந்து ஒரு மீட்டருக்கும் சற்றுக் கூடுதலாக நூல் எடுத்து, நுனியில் ஓர் ஊக்கைக் கட்டித் தொங்கவிட்டு, சரியாக ஒரு மீட்டருக்கு இரண்டு முடிச்சுப் போடுங்கள். ஊக்கு கட்டாமல் அளந்தால் நூலின் சுருள் ஏமாற்றிவிடும். பிறகு ஊக்கைக் கழற்றி, நூலை வெந்நீரில் அரை மணி நேரம் போட்டு, இழுக்காமல் காய வைத்து, அதே ஊக்கைத் திரும்பக் கட்டி அளக்க வேண்டும். 97 சென்டிமீட்டர் வந்தால் மூன்று சதவீதம். துணியில் பாவு வாக்கில் 50 சென்டிமீட்டர், ஊடை வாக்கில் 50 சென்டிமீட்டர் பேனாவால் குறித்து, வழக்கமாகத் துவைப்பதுபோலவே துவைத்து, காய்ந்தபின் அளந்தால் போதும். இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முடிவு தெரிந்துவிடும். தையல் ஓடும் திசையின் எண்ணைத்தான் எடுக்க வேண்டும். பக்கத் தையலும் முன்பட்டையும் பாவு வாக்கில் ஓடுகின்றன, கீழ்மடிப்பு ஊடை வாக்கில்.

பருத்தி நூலைத் தவிர்க்கவே முடியாத இடமும் உண்டு. திருப்பூரில் வெள்ளையாகவே தைத்து, பிறகு முழு உடையாகச் சாயத்தில் முக்கும் வேலை நடக்கிறது. பருத்திச் சாயம் பாலியஸ்டர் நூலில் ஏறாது. உடை நீலமானாலும் தையல் வெள்ளையாகப் பல்லிளிக்கும். எனவே அங்கே பருத்தி நூல்தான். அதற்காக மெர்சரைஸ் செய்த நூல், அதுவும் சுருக்கம் சோதித்துப் பார்த்தது எடுக்கிறார்கள். துணியும் சாயத்தொட்டியில் கணிசமாகச் சுருங்கும் என்பதால், வெட்டும்போதே அளவைக் கூட்டி வைக்கிறார்கள்.

நூல் மட்டுமல்ல, தையலோடு சேரும் எதுவும் இந்த வேலையைச் செய்யும். பாலியஸ்டர் ஜிப்பை நனைக்காத பருத்தித் துணியில் வைத்தால், துணி சுருங்கி ஜிப் மட்டும் மலைப்பாம்பு மாதிரி அலையும். சிந்தெடிக் சேலைக்குப் பருத்தி ஃபால்ஸ் தைப்பதும் இதே வம்புதான். இரண்டே முக்கால் மீட்டர் ஃபால்ஸ் நான்கு சதவீதம் சுருங்கினால், சேலையின் அடிவிளிம்பு 11 சென்டிமீட்டர் கூடிக்கொள்ளும். ஃபால்ஸை ஒரு இரவு நனைத்துக் காய வைத்து இஸ்திரி போட்டபின் தைக்கச் சொல்லும் பாட்டிகள் இதைத்தான் சொன்னார்கள்.

ஏற்கெனவே நெளிந்து நிற்கும் உடை கையில் இருந்தால், பட்டையில் நான்கைந்து இடத்தில் மேல் நூலை மட்டும் கத்தரித்து, துணியை நனைத்துத் தட்டையாகப் பரப்பிப் பாருங்கள். துணி நேரானால் குற்றம் நூலில்தான்: பிரித்துவிட்டு, மெல்லிய பாலியஸ்டர் நூலில், டென்ஷனைத் தளர்த்தித் திரும்பத் தைத்தால் சரியாகிவிடும். ஒரு துண்டு மட்டும் நீளமாகத் தொங்கினால், அடித்துணியும் மேல் துணியும் வேறு வேறு அளவில் சுருங்கியிருக்கின்றன, அல்லது மிஷின் பற்கள் ஒன்றைக் கூடுதலாகத் தள்ளியிருக்கின்றன. நூலை எல்லாம் பிரித்தும் ஊசித்துளை வரிசையில் நெளிவு அப்படியே நின்றால், நெருக்கமாக நெய்த துணியில் பருத்த நூல் இழைகளை நெருக்கித் தள்ளிவிட்டது என்று பொருள். அதற்கு எந்த ரக நூல் என்பது ஒரு பொருட்டே இல்லை. நூலும் ஊசியும் மெலிதாக வேண்டும், ஓர் அங்குலத்துக்கு 14 தையல் இருந்தால் அதை 10 ஆகக் குறைக்க வேண்டும்.