‘கேரண்டி’ என்று மெயிலில் எழுதாதீர்கள்

வரிச் சேமிப்புக்காக மக்கள் பாலிசி தேடி அலையும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களின் விற்பனை ஊழியர்களுக்கு உள்ளுக்குள்ளேயே ஒரு நினைவூட்டல் வருவதுண்டு. வாடிக்கையாளருக்கு அனுப்பும் மெயிலில் ‘உறுதியான லாபம்’, ‘கிளெய்ம் கட்டாயம் கிடைக்கும்’ என்று எழுதக் கூடாது என்பதுதான் அதன் சாரம். டார்கெட் நெருக்கும் நேரத்தில் ஊழியருக்கு இது எரிச்சலாக இருக்கலாம். பாலிசி வாங்குகிறவர் மட்டும் இதன் பின்னணியை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

யூலிப் பாலிசியை எடுத்துக்கொள்வோம். கட்டும் பணத்தில் ஒரு பகுதி காப்பீட்டுக்கும் நிர்வாகக் கட்டணங்களுக்கும் போக, மீதி பங்குச் சந்தையிலோ கடன் பத்திரங்களிலோ முதலீடாகும். விற்கும்போது ‘பெனிஃபிட் இல்லஸ்ட்ரேஷன்’ என்ற அட்டவணையைக் காட்டி வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்குவார்கள். அதில் ஆண்டுக்கு 4 சதவீதம் வளர்ந்தால் எவ்வளவு, 8 சதவீதம் வளர்ந்தால் எவ்வளவு என்று இரண்டு கணக்குகள் இருக்கும். இரண்டுமே அனுமானம்தான். சந்தை 4 சதவீதத்துக்குக் கீழேயும் போகலாம்.

ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வீதம் 10 ஆண்டுகள் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். கட்டணம் எதையும் கழிக்காமல் பார்த்தால், 10 ஆண்டு முடிவில் 8 சதவீதக் கணக்கில் சுமார் 15.65 லட்சமும் 4 சதவீதக் கணக்கில் சுமார் 12.49 லட்சமும் வரும். இடைவெளி 3 லட்சத்துக்கும் மேல். ஊழியர் 8 சதவீதத்தை மட்டும் எடுத்து, “சார், 15 லட்சத்துக்கு மேல் கேரண்டி” என்று மெயில் போட்டால் அட்டவணையில் இருந்த ‘வளர்ந்தால்’ காணாமல் போகிறது. கட்டணங்களும் காணாமல் போகின்றன.

உண்மையிலேயே உத்தரவாதம் தரும் பாலிசிகளும் இருக்கின்றன. என் பார்வையில் அதிகம் ஏமாற வைப்பது அங்கேதான், ஏனென்றால் அங்கே பொய் சொல்லாமலே ஏமாற்ற முடியும். “10 வருஷம் கட்டுங்க, 20வது வருஷம் இரட்டிப்பாக வாங்கிக்கோங்க” என்பார்கள். ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் 10 லட்சம் கட்டி, 20 ஆண்டு முடிவில் 20 லட்சம் பெறுகிறீர்கள். சொன்ன தொகை சொன்னபடி வரும். ஆனால் ஆண்டு வட்டியாகக் கணக்கிட்டால் அது சுமார் நாலரை சதவீதம்தான். இத்தகைய பாலிசிக்கு உத்தரவாதத் தொகை, அது கிடைக்கும் தேதி, ஆண்டு வருவாய் விகிதம் மூன்றையும் சேர்த்து எழுதுவதே நேர்மை.

அடுத்தது கிளெய்ம். நிறுவனம் 100 கிளெய்ம்களில் 98க்குப் பணம் கொடுத்திருக்கலாம். உங்கள் குடும்பத்தின் கிளெய்ம் அந்த 98இல் ஒன்றா என்பதை நீங்கள் விண்ணப்பத்தில் எழுதிய பதில்கள்தான் பெரும்பாலும் தீர்மானிக்கும். சர்க்கரை நோய் இருப்பதையோ புகைபிடிப்பதையோ மறைத்திருந்தால், 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம் 45ஆம் பிரிவின்படி முதல் 3 ஆண்டுகளுக்குள் நிறுவனம் அந்த பாலிசியைக் கேள்விக்குள்ளாக்க முடியும். “அதெல்லாம் போட வேண்டாம் சார், கிளெய்ம் வந்துடும், நான் பொறுப்பு” என்கிற ஊழியர் அன்று வேறு நிறுவனத்தில் இருப்பார். அலைக்கழிவது இறந்தவரின் மனைவியும் பிள்ளைகளும். அவர் எழுத வேண்டியது இவ்வளவுதான்: உடல்நிலை பற்றிய எல்லாக் கேள்விக்கும் உண்மையான பதில் எழுதுங்கள், கிளெய்ம் பாலிசியின் நிபந்தனைகளின்படி பரிசீலிக்கப்படும்.

நினைவூட்டல் குறிப்பாக மெயிலைச் சொல்வதற்குக் காரணம், மெயில் அழியாத சாட்சி. பாலிசியின் தன்மையைத் தவறாகச் சொல்லி விற்றார்கள் என்று ஒருவர் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போனால், கையெழுத்திட்ட அட்டவணை நிறுவனத்தின் பக்கம் பேசும். ஊழியரின் மெயில் வாடிக்கையாளர் பக்கம் பேசும். அங்கே புகார் கொடுக்கக் கட்டணமோ வழக்கறிஞரோ தேவையில்லை. முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் செய்திருக்க வேண்டும்.

இதிலேயே ஓர் ஓட்டையும் இருக்கிறது. மெயிலில் எழுதாதே என்றால், போனில் சொல்லலாம் என்று புரிந்துகொள்கிறவர்கள் உண்டு. பாலிசி தருவதற்கு முன் நிறுவனம் சரிபார்ப்புக்காக அழைக்கும்போது, “எல்லாத்துக்கும் ‘ஆமா’ன்னு சொல்லிடுங்க சார்” என்று முன்கூட்டியே பாடம் சொல்லிக் கொடுப்பவர்களும் உண்டு. அந்த ‘ஆமா’ பதிவாகிறது. பிறகு உங்களுக்கு எதிராகவே நிற்கும். எழுத்தை மட்டும் தடுக்கும் நினைவூட்டல் நிறுவனத்தைக் காப்பாற்றும், வாடிக்கையாளரைக் காப்பாற்றாது. வாயால் சொல்வதற்கும் இதே விதி என்று அதில் ஒரு வரி இருந்தே ஆக வேண்டும்.

அந்த வரி வரும்வரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. போனில் உறுதி சொல்கிறவரிடம், “இதையே உங்கள் அலுவலக மெயிலில் இருந்து எனக்கு அனுப்புங்கள் தம்பி, படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்” என்று கேளுங்கள். உத்தரவாதம் உண்மையானால், பாலிசியின் பெயரும் தொகையும் தேதியும் போட்ட மெயில் வரும். இல்லையென்றால், “அப்படி எழுதக் கூடாது சார், ஆபீஸ் ரூல்” என்பார். அந்தப் பதில் வந்தால் காசோலையைக் கொடுக்காதீர்கள்.