வாடிக்கையாளரின் கதையை எழுதலாமா?

கோவையில் ஒரு சிறு நிறுவனம். நூற்பாலைகளில் காற்றழுத்தக் குழாய்களின் லீக்கைக் கண்டுபிடித்து அடைத்துக் கொடுப்பது அதன் தொழில். ஒரு ஸ்பின்னிங் மில்லில் வேலை நன்றாக முடிந்துவிட்டது. இதைப் படத்தோடும் கணக்கோடும் எழுதிக் காட்டினால் அடுத்த மில்காரர் நம்புவார் என்று அதன் உரிமையாளர் நினைக்கிறார். இப்படி எழுதப்படுவதைத்தான் தொழில் வட்டாரத்தில் 'கேஸ் ஸ்டடி' என்கிறார்கள். நிறுவனமும் மில்லும் விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டவை. ஆனால் இதில் வரும் சிக்கல்கள் எல்லாம் நடைமுறையில் வருபவை.

வேலை செய்தது நாம்தான் என்றாலும் அந்த வேலை நடந்த இடம், எடுத்த அளவுகள், முன்பு இருந்த குறை எல்லாம் மில்லுக்குச் சொந்தமான செய்திகள். ஆகவே முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது பர்ச்சேஸ் ஆர்டர். அதன் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் நிபந்தனைகளில், மில்லின் பெயரை விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, எழுத்துமூல அனுமதி வேண்டும் என்பது போன்ற வரி பல நேரங்களில் இருக்கும். தனியாக ரகசியக் காப்பு ஒப்பந்தம் போட்டிருந்தால் அதையும் பார்க்க வேண்டும். அங்கே தடை இருந்தால் கேட்கவே கூடாது என்பதில்லை. யாரிடம், எந்த வடிவில் அனுமதி வாங்க வேண்டும் என்பதை அந்த வரியே சொல்லிவிடும்.

எப்போது கேட்பது? வேலை முடிந்த வாரத்தில் கேட்பதைவிட, மின்கட்டண பில் இரண்டு முறை வந்து பலன் கண்ணுக்குத் தெரிந்த பிறகு கேட்பது நல்லது. நமக்கு வர வேண்டிய பாக்கி நிலுவையில் இருக்கும்போது கேட்காமல் இருப்பது இன்னும் நல்லது. இரண்டும் ஒரே கடிதத்தில் போனால், ஒன்றுக்கு மற்றொன்று விலை என்ற நினைப்பு அவர்களுக்கு வந்துவிடும்.

யாரிடம் கேட்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். நம்மோடு பழகியவர் மெயின்டனன்ஸ் மேனேஜர். "தாராளமா போடுங்க சார், நல்ல வேலை செஞ்சிருக்கீங்க" என்று அவர் போனில் சொல்வார். அந்த வார்த்தை மனதார வந்ததுதான். ஆனால் மில்லின் பெயரை வெளியே கொடுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. பிறகு எம்.டி. பார்த்துக் கோபப்பட்டால் திட்டு வாங்குவது அந்த மேனேஜர்தான். எனவே அவரிடம் முதலில் யோசனை கேட்டு, யாருக்கு எழுத வேண்டும் என்று தெரிந்துகொண்டு, அதிகாரம் உள்ளவருக்கு எழுத வேண்டும். கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மில்லில் காற்று லீக் சரிசெய்த வேலையைப் பற்றி இரண்டு பக்கக் கட்டுரை ஒன்று எழுத விரும்புகிறோம். எங்கள் இணையதளத்திலும், புதிய வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் கையேட்டிலும் மட்டும் அது இடம்பெறும். எழுதியதைத் தங்களிடம் காட்டி, தாங்கள் எழுத்தில் ஒப்புதல் தந்த பிறகே வெளியிடுவோம். மில்லின் பெயர், லோகோ, படங்கள் ஆகியவற்றில் எதைச் சேர்க்கலாம், எதை விட வேண்டும் என்பதைத் தாங்கள் சொல்லலாம். இப்போது வேண்டுவது எழுதிக் காட்டுவதற்கான சம்மதம் மட்டுமே."

கடைசி வரிதான் இதில் உயிர். அனுமதி இரண்டு கட்டமாக வருவது. எழுதலாம் என்பது ஒன்று. எழுதியதை வெளியிடலாம் என்பது வேறொன்று. எழுதாத ஒன்றுக்கு முழு ஒப்புதல் கேட்டால் எந்த எம்.டி.யும் தயங்குவார். எழுதிக் காட்டுகிறோம் என்றால் அவர் இழப்பதற்கு ஒன்றுமில்லை.

இனி, வரைவு. நம் நிறுவனம் எழுதியதில் இப்படி ஒரு பகுதி இருக்கிறது: மில் ஓடாத நேரத்தில் 75 கிலோவாட் கம்ப்ரசரை மட்டும் ஓட்டிப் பார்த்தோம். ஐந்து நிமிடத்தில் ஒன்றரை நிமிடம் அது லோடில் ஓடியது. யாரும் காற்றைப் பயன்படுத்தாதபோது இப்படி ஓடுகிறது என்றால் 30 சதவீதம் லீக். அடைத்த பிறகு லோடு நேரம் 36 விநாடியாகக் குறைந்தது. அதாவது 12 சதவீதம். மிச்சம் 18 சதவீதம். 75 கிலோவாட்டில் 18 சதவீதம் 13.5 கிலோவாட், ஒரு நாளைக்கு 324 யூனிட்.

இதை மெயின்டனன்ஸ் மேனேஜர் படித்ததும் ஒரு தப்பைப் பிடிக்கிறார். லோடு இல்லாதபோது கம்ப்ரசர் நின்றுவிடுவதில்லை. இந்த மெஷின் அப்போதும் 25 கிலோவாட் இழுக்கிறது. ஆகவே லோடு குறைவதால் மிச்சமாவது 75க்கும் 25க்கும் இடையிலுள்ள 50 கிலோவாட்டில் 18 சதவீதம்தான். அது 9 கிலோவாட். நாளைக்கு 216 யூனிட். மூன்றில் ஒரு பங்கு மிச்சம் காணாமல் போய்விட்டது. பழைய எண் வெளியே போயிருந்தால், கம்ப்ரசர் தெரிந்த எந்த இன்ஜினியரும் ஒரே பார்வையில் இந்த நிறுவனத்தை ஒதுக்கியிருப்பார். வரைவைக் காட்டுவது மரியாதைக்காக மட்டும் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

எம்.டி.யின் கவலை வேறு மாதிரி. '30 சதவீதம் லீக்' என்ற வரி தன் மில் கவனிப்பாரற்றுக் கிடந்ததாகக் காட்டுகிறதே என்கிறார். எண்ணை மறைக்கத் தேவையில்லை. தொழிற்சாலைகளில் 20 முதல் 30 சதவீதம் வரை லீக் இருப்பது பரவலாகக் காணப்படுவதுதான் என்ற ஒரு வரியை முன்னால் வைத்தால், மில்லுக்கு இழுக்கு வராது, உண்மையும் கெடாது. அவருடைய இரண்டாவது கவலை இன்னும் கூர்மையானது. ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் செலவாகிறது என்பதை மில்கள் பொத்திவைக்கும். நூல் வாங்குபவர் அதை வைத்து விலை பேசுவார். வரைவில் ஸ்பிண்டில் எண்ணிக்கை, மாத மின்செலவு, உற்பத்தி மூன்றும் இருந்தால் தெரிந்தவர் கணக்குப் போட்டுவிடுவார். அந்த மூன்றையும் எடுத்துவிட்டு கம்ப்ரசரின் எண்களை மட்டும் வைத்தால், கதை கெடாமல் நிற்கிறது.

படங்களிலும் கவனம் வேண்டும். காசு கொடுத்து மில்லே எடுக்கச் சொன்ன புகைப்படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி அதன் உரிமை மில்லுக்கே. நாமே எடுத்ததாக இருந்தாலும், பின்னணியில் தெரியும் தொழிலாளியின் முகத்துக்கு அவரிடமே சம்மதம் கேட்க வேண்டும்.

வரைவை அனுப்பும்போது எண்கள், பெயர்கள், அவர்கள் சொன்னதாகப் போட்ட மேற்கோள்கள் ஆகியவற்றுக்கு மஞ்சள் வண்ணம் பூசி அனுப்புங்கள். பார்ப்பவருக்கு நேரம் மிச்சம். திருத்தங்களை ஒருவர் மட்டும் தொகுத்துத் தரும்படி கேளுங்கள். இல்லாவிட்டால் மேனேஜர் சேர்த்ததை அக்கவுண்ட்ஸ்காரர் அடிப்பார். இரண்டு வாரம் கெடு சொல்லலாம். ஆனால், பதில் வராவிட்டால் சம்மதமாக எடுத்துக்கொள்வோம் என்று எழுதவே கூடாது. பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அப்போதும் இல்லையென்றால் வெளியிடாதீர்கள். திருத்திய கோப்புக்கு எண் கொடுத்து, "மூன்றாம் வரைவை அப்படியே வெளியிடச் சம்மதம்" என்று அவர் பதிலில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு தலைப்பை மாற்றினாலும் திரும்பக் கேட்க வேண்டும். அவர்கள் எழுதிக் கேட்டால் எத்தனை நாளில் நீக்குவோம் என்பதையும் அதே மின்னஞ்சலில் சொல்லிவிடலாம். அச்சடித்துக் கொடுத்துவிட்ட கையேட்டைத் திரும்ப வாங்க முடியாது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எம்.டி. வேண்டாம் என்றுவிட்டால்? பெயர் போடாமல் எழுதலாமா என்று கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அதற்கும் அனுமதி வேண்டும். அந்த வட்டாரத்தில் அந்த அளவில் இருப்பது இரண்டே மில் என்றால், பெயரை எடுத்ததால் எதுவும் மறைந்துவிடாது. அதற்கும் மறுத்தால், யாராவது விசாரித்தால் போனில் இரண்டு வார்த்தை பேசுவீர்களா என்று கேளுங்கள். எழுத்தில் பெயர் தர மறுக்கும் பலரும் இதற்கு மறுப்பதில்லை.