ஓப்பாவும் நூறாவது நாளும்

கொரியப் பெண் தன் அண்ணனை ‘ஓப்பா’ என்று அழைப்பாள். தன்னைவிட மூத்த காதலனையும் அதே சொல்லால்தான் அழைப்பாள். கொரியத் தொடர்களைத் தமிழ் வசன வரிகளோடு பார்ப்பவர்கள் இந்த இடத்தில் திடுக்கிடுவது இயல்பு. ஆனால் கொரியர்கள் இதில் எந்த முரணையும் காண்பதில்லை. வயதில் மூத்தவரை வெறும் பெயர் சொல்லியோ ‘நீ’ என்றோ கூப்பிடுவது அங்கே மரியாதைக் குறைவு. அதனால் கூடப்பிறந்தவர், கல்லூரியில் மூத்தவர், காதலர் ஆகிய மூவருக்கும் ஒரே முறைப்பெயர் போதுமானதாகிறது.

எந்தச் சொல் என்பது பேசுபவரைப் பொறுத்தது. ஆண் தன் அண்ணனை ‘ஹியோங்’ என்பான்; அக்காவை ‘நுனா’ என்பான். பழக்கம் அதிகமில்லாத மூத்த ஆணைப் பெண் ‘மின்சு ஓப்பா’ என்று பெயரோடு சேர்த்துக் கூப்பிடுவது வழக்கம்; நெருக்கம் கூடும்போது பெயர் உதிர்ந்துவிடும். தோழியிடம் பேசும்போது குழப்பம் வரக்கூடும் என்றால், உடன்பிறந்த அண்ணனை ‘சின் ஓப்பா’, அதாவது சொந்த அண்ணன், என்று பிரித்துச் சொல்வார்கள்.

காதலி மூத்தவளாக இருந்தால் கதை வேறு. பல இளைஞர்கள் காதல் உறுதியானதும் ‘நுனா’வை விட்டுவிட்டுப் பெயருக்கோ, ‘ஜாகியா’ என்ற செல்லச் சொல்லுக்கோ மாறுவார்கள். தன்னை இனித் தம்பியாகப் பார்க்க வேண்டாம் என்பதே அதன் பொருள். திருமணத்துக்குப் பின் ‘யோபோ’ வழக்கத்துக்கு வரும். ஆனால் பழகிப்போன ‘ஓப்பா’வை விடாத மனைவியரும் உண்டு. மாமியார் முன்னால் அது காதில் விழுந்தால் சில வீடுகளில் முகம் சுளிப்பார்கள்.

காதலைச் சொல்லிச் சம்மதம் பெற்ற அன்றே நாள் கணக்கு தொடங்கிவிடும். “இன்றிலிருந்து முதல் நாள்” என்று வெளிப்படையாகவே பேசிக்கொள்வார்கள். தவறு நேர்வதும் இங்கேதான்: சம்மதித்த நாளும் கணக்கில் சேரும். மார்ச் 1 அன்று தொடங்கிய ஜோடிக்கு 100ஆவது நாள் ஜூன் 8. தேதியோடு நூறைக் கூட்டி ஜூன் 9 என்று நினைப்பவர் ஒரு நாள் பிந்திவிடுவார். அதே ஜோடிக்கு 200ஆவது நாள் செப்டம்பர் 16. 300ஆவது நாள் டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்றே. பரிசு ஒன்றா இரண்டா என்ற சச்சரவுக்கு இதுவே போதும். ஆண்டு நிறைவு மட்டும் நாள் எண்ணாமல் தேதிப்படி வரும்.

குழந்தையின் 100ஆவது நாளை விருந்து வைத்துக் கொண்டாடுவது கொரியாவின் பழைய வழக்கம். காதலர்கள் அந்த நாளில் ஜோடி மோதிரம் மாற்றிக்கொள்வதுண்டு. வாழ்த்து நள்ளிரவு 12 மணிக்கே போய்விட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் பலர். செய்தி நீளமாக இருக்க வேண்டியதில்லை: “ஓப்பா, அதற்குள் நமக்கு நூறு நாள் ஆகிவிட்டது. கூடவே இருந்ததற்கு நன்றி. இனியும் பார்த்துக்கொள்.” கடைசி வாக்கியம் கொரியாவில் புது அறிமுகத்திலும் அலுவலகத்திலும் சொல்லப்படும் சம்பிரதாயமான வார்த்தைதான். காதலர்கள் அதை மரியாதை விகுதி இல்லாமல் எழுதுவார்கள்.

இந்த நாட்கள் எல்லோருக்கும் முக்கியமல்ல. நூறு, ஓராண்டு, ஆயிரம் ஆகியவற்றை மட்டும் கொண்டாடிவிட்டு மற்றவற்றைக் கண்டுகொள்ளாத ஜோடிகளும் உண்டு. எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொள்ளும் சிரமமும் இப்போது இல்லை. தொடக்கத் தேதியைக் கொடுத்துவிட்டால், ஜோடிகளுக்கான கைபேசிச் செயலிகள் இன்று எத்தனையாவது நாள் என்பதைத் திரையிலேயே காட்டிவிடுகின்றன.