தபாலில் எதுவும் வராது

கனடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் ஒரு அம்மா தன் பிள்ளைக்கு அ, ஆ சொல்லித்தர எட்சி தளத்தில் தேடுகிறார். அழகான படம் ஒன்று கண்ணில் படுகிறது. மரப் பெட்டிக்குள் பளபளக்கும் எழுத்து அட்டைகள், பக்கத்தில் வண்ணப் பென்சில்கள். பணம் கட்டிவிட்டுப் பார்சலுக்காகக் காத்திருக்கிறார். பத்து நாள் கழித்து விற்றவருக்குக் கோபமாக ஒரு செய்தி போகிறது: “இன்னும் வந்து சேரவில்லையே?”

அவர் வாங்கியது பிரிண்டபிள். அதாவது, டவுன்லோடு செய்து நாமே அச்சிட்டுக்கொள்ள வேண்டிய பிடிஎஃப். பணம் கட்டிய சில நிமிடங்களிலேயே டவுன்லோடு இணைப்பு மின்னஞ்சலுக்குப் போயிருக்கும். விற்றவரும் ஏமாற்றவில்லை, பொருள் விவரத்தில் பதினோராவது வரியில் ‘டிஜிட்டல்’ என்று எழுதியிருந்தார். படத்தைப் பார்த்தே வாங்குகிறவர்கள் பதினோராவது வரிவரை போவதில்லை. அதனால் முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும்: “இது நீங்களே அச்சிட வேண்டிய பிடிஎஃப். தபாலில் எதுவும் வராது. படத்தில் உள்ள பெட்டியும் பென்சிலும் இதில் சேராது.” முதல் படத்தின் மேலேயும் இதைப் பெரிதாக எழுதிவிடுவது நல்லது.

அடுத்தது, என்ன கிடைக்கும் என்ற கணக்கு. ஒரு தொகுப்பை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு உயிரெழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் எழுதிப் பழக ஒரு பக்கம், ஆக 12 பக்கம். கூடவே வெட்டி எடுக்கும் அட்டைகள், பக்கத்துக்கு நான்கு. முன்புறம் எழுத்து, பின்புறம் படம் என்பதால் முன்னும் பின்னுமாக 6 பக்கம். மொத்தம் 18. இதையே ஏ4 அளவில் ஒன்று, அமெரிக்காவிலும் கனடாவிலும் புழங்கும் லெட்டர் தாள் அளவில் ஒன்று என இரண்டு ஃபைலாகக் கொடுக்கிறோம். “2 ஃபைல், 36 பக்கம்” என்று எழுதினால் பொய் இல்லைதான். ஆனால் திறந்து பார்க்கிறவர் இரண்டிலும் ஒரே பக்கங்களைக் கண்டதும் பாதியை யாரோ திருடிவிட்டதாகவே நினைப்பார். “18 பக்கம். அதே 18 பக்கம் இரண்டு தாள் அளவில்” என்று எழுதினால் வம்பில்லை.

இல்லாததையும் எழுத வேண்டும். இந்தத் தொகுப்பில் ஆய்த எழுத்து இல்லை. தமிழ் தெரிந்தவர் எவரும் முதலில் தேடுவது அதைத்தான். “ஃ, மெய்யெழுத்துகள் இதில் இல்லை” என்று ஒரு வரி போட்டால் சிலர் வாங்காமல் போகலாம். அவர்கள் வாங்கிய பிறகு ஒற்றை நட்சத்திரம் போடுவதைவிட அது மேல்.

ஃபைலின் வகையும் இதில் அடங்கும். எட்சியில் ஒரு பொருளுக்கு ஐந்து ஃபைல்கள்வரைதான் ஏற்றலாம், ஒவ்வொன்றும் 20 எம்பிக்குள். இதற்குப் பயந்து பலர் எல்லாவற்றையும் ஜிப்பாகக் கட்டிவிடுகிறார்கள். கைபேசியில் ஜிப்பைத் திறக்கத் திணறுகிறவர்கள் நிறையப் பேர். ஜிப் என்றால் ஜிப் என்று சொல்லிவிடுங்கள், கணினி இருந்தால் சுலபம் என்றும் சேருங்கள்.

சிக்கல் அதிகம் வருவது அச்சிடும் இடத்தில். ஏ4 தாள் 210க்கு 297 மில்லிமீட்டர். லெட்டர் தாள் 216க்கு 279. கொஞ்சம் அகலம், உயரம் குறைவு. ஏ4 ஃபைலை லெட்டர் தாளில் Fit என்று கொடுத்து அச்சிட்டால் எல்லாமே ஏறக்குறைய 94 சதவீதமாகச் சுருங்கும். 9க்கு 13 சென்டிமீட்டர் என்று நாம் சொன்ன அட்டை, எட்டரைக்குப் பன்னிரண்டு சொச்சமாக வெளியே வரும். ஃபைல் பெயரிலேயே uyir-A4.pdf, uyir-Letter.pdf என்று வைத்துவிட்டு, “உங்கள் தாளுக்கு உரியதை எடுத்து, Actual size தேர்ந்தெடுத்து அச்சிடுங்கள்” என்று விவரத்தில் எழுதினால் போதும்.

இரண்டு பக்க அச்சு இன்னும் வேடிக்கையானது. முன்பக்கத்தில் மேல் வரிசையில் அ, ஆ. கீழ் வரிசையில் இ, ஈ. நெட்டுவாக்கு விளிம்பில் தாளைத் திருப்பினால் இடமும் வலமும் மாறும் என்பதால் பின்பக்கத்தில் படங்களை இடவலமாக மாற்றி அடுக்கியிருப்போம்: ஆடு, அணில், கீழே ஈ, இலை. பிரிண்டரில் Flip on long edge கொடுத்தால் அணில் சரியாக அ-வின் முதுகில் வந்து உட்காரும். Flip on short edge கொடுத்துவிட்டாலோ, அ-வின் பின்னால் ஈ ஒன்று தலைகீழாகப் பறக்கும். வாங்கியவர் வரைந்தவரைத்தான் திட்டுவார். எனவே எந்த விளிம்பு என்று ஒரு வரி, அதோடு முதலில் ஒரே ஒரு தாளை அச்சிட்டுப் பார்க்கச் சொல்லி ஒரு வரி.

இனி, எப்படிப் பயன்படுத்தலாம் என்பது. “தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்” என்று மூன்று சொல்லில் முடித்துவிடுகிறவர்களே அதிகம். வாங்குகிறவருக்கு இதில் ஒன்றும் விளங்காது. வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் இருபது பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியை ஒருவர் இதை வாங்குகிறார் என்று வையுங்கள். தன் வகுப்புக்கு இருபது படி எடுக்கலாமா? பக்கத்து வகுப்பு ஆசிரியைக்கு ஃபைலை அனுப்பலாமா? பெற்றோர் வாட்ஸப் குழுவில் போடலாமா? அந்த மூன்று சொல்லில் இந்த மூன்றுக்கும் பதில் இல்லை. ஆசிரியை தனக்குச் சாதகமானதை எடுத்துக்கொள்வார், அதில் குற்றம் சொல்லவும் முடியாது.

ஆகவே ஆளையும் இடத்தையும் சொல்லி எழுத வேண்டும். “உங்கள் வீட்டில் எத்தனை முறை வேண்டுமானாலும் அச்சிடலாம். ஆசிரியர் என்றால் உங்கள் ஒரு வகுப்புக்கு வேண்டிய படிகள் எடுக்கலாம். இன்னொரு ஆசிரியருக்கு இன்னொரு பிரதி வாங்க வேண்டும். ஃபைலை யாருக்கும் அனுப்பவோ, குழுவில் பகிரவோ, அச்சிட்ட அட்டைகளை விற்கவோ கூடாது.” இவை என் எல்லைகள். தாராளமாக இருக்க விரும்புகிறவர் முழுப் பள்ளிக்கும் ஒரு விலை வைக்கலாம். எங்கே கோடு போடுகிறோம் என்பது விற்பவர் விருப்பம், கோடு தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கூடவே ஒரு வரி: “அச்சுக் கடையில் கொடுத்தும் அச்சிட்டுக்கொள்ளலாம்.” வெளிநாடுகளில் சில கடைக்காரர்கள், வேறொருவர் பெயர் போட்ட பக்கத்தைக் கண்டால் அனுமதி இருக்கிறதா என்று கேட்டு நிறுத்திவிடுகிறார்கள். இந்த வரியைக் காட்டினால் வேலை நடக்கும்.

விற்கிறவர் தருவது பயன்படுத்தும் அனுமதி மட்டுமே, பதிப்புரிமை அவரிடமே இருக்கும். இந்தியாவின் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி அந்த உரிமையை மாற்றித்தர வேண்டுமானால் கையெழுத்திட்ட எழுத்துபூர்வமான ஆவணம் தேவை. தன்னிடம் இல்லாத உரிமையை அவரும் தர முடியாது. அந்த அணில் படத்தை வேறெங்கிருந்தோ எடுத்திருந்தால், விற்பனைப் பொருளில் சேர்க்க அதன் உரிமம் இடம் தருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். எழுத்துருவுக்கும் இதே கதைதான். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற திறந்த உரிம எழுத்துரு என்றால் கவலையில்லை.

இத்தனையும் எழுதிய விவரம் கடைப் பக்கத்திலேயே தங்கிவிடும், பிடிஎஃப் மட்டும்தான் ஊர் சுற்றும். ஆறு மாதம் கழித்து அதைத் திறக்கிறவர் கண்ணில் படும்படி, அச்சிடும் முறையையும் பயன்பாட்டு வரிகளையும் ஃபைலின் முதல் பக்கமாகவே வைத்துவிடலாம். அப்படி வைத்தால் பக்கம் 19 ஆகிவிடும், விவரத்தில் எழுதிய 18-ஐ மறக்காமல் திருத்திவிடுங்கள். பின்பக்கம் காலியாக விட வேண்டுமா என்பதையும் பாருங்கள். இல்லாவிட்டால் இரண்டு பக்க அச்சில் ஒரு பக்கம் தள்ளிப்போய், அட்டைகளின் முதுகெல்லாம் மாறிவிடும்.